ரோபோவின் இடது கை

‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’ என்ற மலையாளப் படம் 2019-இல் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்குத் துணையாக ஒரு குட்டி ரோபோவை விட்டுச் செல்கிறான். முதலில் அதைக் கண்டாலே எரிந்துவிழும் அப்பா, போகப்போக அதைப் பிள்ளையாகவே நினைக்கத் தொடங்கிவிடுகிறார். இதே கதை 2022-இல் கே.எஸ். ரவிக்குமார் நடிப்பில் ‘கூகுள் குட்டப்பா’ என்று தமிழுக்கும் வந்தது. மலையாளப் படத்தில் அந்த ரோபோ உடைக்குள் இருந்து நடித்தவர் சூரஜ் தேலக்காடு. உருவத்தில் சிறிய நடிகர். ரோபோ நடந்தது, திரும்பியது, தலையைச் சாய்த்தது எல்லாம் அவருடைய உடல் செய்த வேலை.

இன்னொரு பக்கம், அலெக்ஸ் கார்லாண்ட் இயக்கிய ‘எக்ஸ் மெஷினா’. அதில் ஏவா என்ற ரோபோவாக அலிசியா விகாண்டர் நடித்தார். முகம், கைகள், பாதங்கள் அவருடையவை. மற்ற இடங்களில் ஊடுருவித் தெரியும் இயந்திர உடல் முழுக்கக் கணினியில் உருவானது. படத்தில் சுமார் 800 விஎஃப்எக்ஸ் ஷாட்கள். அவற்றில் ஏறத்தாழ 350 ரோபோவுக்கானவை. 2016-இல் சிறந்த விஎஃப்எக்ஸுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

நான்கைந்து பேர் சேர்ந்து சொந்தக் காசில் குறும்படம் எடுக்கக் கிளம்பும்போது இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள். உடை தைக்க முடியும். ஆனால் உடையால் எல்லாவற்றையும் காட்ட முடியாது. கணினியில் எதையும் காட்ட முடியும். ஆனால் அதற்கு நாளும் ஆளும் வேண்டும். எந்த ஷாட்டுக்கு எந்த வழி என்பதைப் படப்பிடிப்பில் நின்று யோசித்தால் தாமதம். அது ஸ்கிரிப்ட் பேப்பரிலேயே தீர்ந்திருக்க வேண்டும். ஸ்கிரிப்டை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘விஎஃப்எக்ஸ்’ என்றோ ‘இல்லை’ என்றோ குறிப்பது அதற்காகத்தான்.

அந்தக் குறிப்பை எப்படிப் போடுகிறார்கள் என்பதை ஒரே ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றின் மூன்றாவது காட்சி இது என்று வைத்துக்கொள்வோம்.

காட்சி 3. உள்ளே. ரேடியோ பழுதுபார்க்கும் கடை. இரவு.

சாலிடரிங் புகை. பெரியவர் ஒரு பழைய ரேடியோவின் மேல் குனிந்திருக்கிறார். வாசலில் நிழல் தட்டுகிறது. நிமிர்கிறார். ஒரு ரோபோ நிற்கிறது. அதற்கு இடது கை இல்லை.

ரோபோ: கடை சாத்தியாச்சா, ஐயா?

பெரியவர்: சாத்துற நேரம்தான். உள்ள வா.

ரோபோ உள்ளே வந்து ஒரு துணிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரிக்கிறது. அதற்குள் அதன் இடது கை.

பெரியவர்: எங்க விழுந்து தொலைச்ச?

ரோபோ: விழல ஐயா. கழட்டிட்டாங்க.

பெரியவர் ரோபோவின் மார்பு மூடியைத் திறக்கிறார். உள்ளே ஆழத்தில் சக்கரங்கள் சுழல்கின்றன. ஒரு கம்பியைத் தொடுகிறார். மேசைமேல் கிடக்கும் கையின் விரல்கள் மெல்ல மடங்கி, அவருடைய சுண்டுவிரலைப் பற்றிக்கொள்கின்றன.

இந்தக் காட்சியைப் பத்து ஷாட்களாகப் பிரிக்கலாம். `RK_03_010` என்று தொடங்கிப் பத்துப் பத்தாக எண் கொடுப்பார்கள். முதல் இரண்டு எழுத்துகள் படத்தின் பெயர்ச் சுருக்கம், அடுத்தது காட்சி எண், கடைசி மூன்று இலக்கங்கள் ஷாட் எண். பத்துப் பத்தாகத் தாவுவதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு 040-க்கும் 050-க்கும் நடுவில் ஒரு ஷாட் சேர்ந்தால் அதை 045 என்று செருகிவிடலாம். மற்ற எண்களை மாற்ற வேண்டியதில்லை. கணினியில் இருக்கும் கோப்புகளின் பெயரும் குழம்பாது.

பத்து ஷாட்கள் இவை: 010, பெரியவர் சாலிடர் செய்கிறார், அண்மைக் காட்சி. 020, வாசலில் ரோபோவின் உருவம், தெருவிளக்கு அதன் பின்னால். 030, ரோபோ நேர் முகமாக, ‘கடை சாத்தியாச்சா’. 040, பக்கவாட்டில் ரோபோ நடந்து மேசைக்கு வருகிறது, வெறுமையான இடது தோள் நம் பக்கம். 050, பொட்டலம் பிரிகிறது. 060, ரோபோவின் வலது தோளுக்கு மேலாகப் பெரியவர் முகம். 070, பெரியவரின் விரல்கள் மார்பு மூடியைத் திறந்து கம்பியைத் தொடுகின்றன, மிக அண்மையில். 080, உட்கார்ந்திருக்கும் ரோபோ, திறந்த மார்பு, உள்ளே ஆழம். 090, மேசைமேல் கை விரலைப் பற்றுகிறது. 100, பெரியவர் முகம்.

புதிதாக எழுதுபவர்கள் ரோபோவோ அதன் கையோ தெரியும் ஷாட்களுக்கெல்லாம் ‘விஎஃப்எக்ஸ்’ என்று போட்டுவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் 020 முதல் 090 வரை எட்டு ஷாட்கள். அனுபவமுள்ளவர் ரோபோ தெரிகிறதா என்று கேட்பதில்லை. இந்த ஷாட்டில் கேமரா முன்னால் வைக்கவே முடியாத பொருள் எது என்று கேட்பார். அந்தக் கேள்வியோடு எட்டையும் வரிசையாகப் பார்த்தால் பட்டியல் சுருங்கத் தொடங்கும்.

020-இல் விளக்கு ரோபோவின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தெரிவது கறுத்த உருவம்தான். நடிகர் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், கை இல்லாத உருவம் கிடைத்துவிடும். 030-க்கும் அதே ஏற்பாடு. நேர் முகமாக நிற்பதால் பின்னால் இருக்கும் கை கேமராவுக்குத் தெரியாது. கண்ணில் ஒளிர்வது சின்ன எல்இடி. குரலைப் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். 2012-இல் வந்த ‘ரோபோட் அண்ட் ஃபிராங்க்’ படத்தில் உடைக்குள் இருந்தவர் ரேச்சல் மா, குரல் கொடுத்தவர் பீட்டர் சார்ஸ்கார்ட். ரோபோவுக்கு வாய் அசையாது என்று ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால், உதட்டசைவுக்காக ஒரு ஃப்ரேம்கூடக் கணினிக்குப் போக வேண்டியதில்லை.

050-இல் பொட்டலத்தில் இருப்பது செய்து வைத்த பொம்மைக் கை. 060-இல் தெரிவது ரோபோவின் வலது தோள் மட்டும். 070 மிக அண்மைக் காட்சி என்பதால் நடிகரே அங்கே இருக்க வேண்டாம். மார்புத் தகட்டை மட்டும் ஒரு ஸ்டாண்டில் மாட்டி, பின்னால் பழைய டேப் ரெக்கார்டரின் மோட்டாரையும் பற்சக்கரங்களையும் வைத்துச் சுழலவிடலாம். பெரியவரின் விரல்கள் உண்மையான கம்பியைத் தொடும்.

கடைசியில் மிஞ்சுவது 040, 080 இரண்டும்தான்.

இந்த இரண்டையும் வேறு கோணத்தில் வைத்துத் தப்பிக்க முடியாதா? முடியும். ரோபோவை எதிர்த்திசையிலிருந்து நடக்கவிட்டால் 040-இல் இடது தோளே தெரியாது. ஆனால் அப்படிச் செய்தால் படம் முழுக்க அந்த வெறுமையான தோளை நாம் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டோம். கையை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடும். ஒரே ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், நான்கு விநாடி அந்தத் தோளைப் பார்த்துவிட்டால், முன்னும் பின்னும் வரும் ஷாட்களில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. 080-உம் அப்படித்தான். உடைக்குள் ஒரு மனிதர் இருப்பதால் மார்புக்குள் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் பள்ளம் வைக்க முடியாது. அங்கே ஓரடி ஆழம் தெரிந்தால்தான் உள்ளே ஆள் இல்லை என்று மனசு ஒப்புக்கொள்ளும். மற்ற ஷாட்களை நம்ப வைக்கும் பொறுப்பு இந்த இரண்டுக்கும் இருக்கிறது. அதனால்தான் இவற்றுக்குச் செலவழிப்பது தகும்.

செலவை விநாடியில் கணக்கிடுவதைவிட ஃப்ரேமில் கணக்கிட்டால் உண்மை தெரியும். சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃப்ரேம். எடிட்டர் வெட்டை முன்னே பின்னே தள்ளிப் பார்க்க இடம் வேண்டும் என்பதால், ஒவ்வொரு ஷாட்டின் முன்னும் பின்னும் எட்டு ஃப்ரேம் கூடுதலாகச் செய்வது வழக்கம். எட்டு ஷாட்டும் சேர்ந்து 32 விநாடி என்றால் 768 ஃப்ரேம், கூடுதல் 128, ஆக 896. நான்கு விநாடி 040-உம் ஐந்து விநாடி 080-உம் மட்டும் என்றால் 248. ஒரு ஃப்ரேமில் விளிம்பு வெட்டித் துடைக்கச் சில நிமிடங்கள் ஆகும் என்று வைத்தாலும், இந்த வித்தியாசம் எத்தனை ராத்திரிகள் என்பதை அந்த வேலையைச் செய்பவர் உடனே சொல்லிவிடுவார்.

இனி குறிப்பு. ‘விஎஃப்எக்ஸ்: கையை நீக்கவும்’ என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. 040-க்கு ஸ்கிரிப்டின் ஓரத்தில் இருக்க வேண்டியது இப்படி:

> `RK_03_040`. 4 விநாடி. கேமரா ட்ரைபாடில், அசைவில்லை.
> நீக்க வேண்டியது: நடிகரின் இடது கை (முதுகுப்பக்கம் கட்டியது), சுவரில் விழும் அதன் நிழல், கண்ணாடி அலமாரியில் தெரியும் பிம்பம்.
> முன்னால் குறுக்கிடுவது: எதுவும் இல்லை.
> தளத்தில் எடுக்க வேண்டியது: க்ளீன் பிளேட் 10 விநாடி, இடது தோளின் புகைப்படங்கள்.
> மின்விசிறி நிறுத்தம்.

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருக்கிறது. க்ளீன் பிளேட் என்பது நடிகர் இல்லாமல் அதே சட்டத்தை மறுபடி எடுத்துவைப்பது. கையைத் துடைத்தால் அந்த இடத்தில் ஒரு ஓட்டை விழும். அதற்குப் பின்னால் இருக்கும் சுவரையும் அலமாரியையும் இந்த பிளேட்டிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். ‘எக்ஸ் மெஷினா’விலும் ஏவா வரும் காட்சிகளை விகாண்டரோடு ஒருமுறையும் அவர் இல்லாமல் ஒருமுறையும் எடுத்தார்கள். ஊடுருவித் தெரியும் உடலுக்குப் பின்னால் அறையைக் காட்ட அதுதான் வழி.

ஆனால் க்ளீன் பிளேட்டால் தீராத ஒரு சிக்கல் உண்டு. முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நடிகர் கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டபடி நடந்தால், அந்தக் கைக்குப் பின்னால் இருப்பது சுவர் அல்ல, அவருடைய உடம்பு. கையை நீக்கினால் அங்கே ரோபோவின் விலாப்பக்கம் தெரிய வேண்டும். அது எந்த பிளேட்டிலும் இல்லை. பச்சைத் துணி சுற்றினாலும் இதே கதைதான். பச்சையை நீக்கலாம், நீக்கிய இடத்தில் வைக்க ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்குப் பளபளப்பான உடையில் பச்சை நிறம் படிந்து தொலைக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டினால், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அது முதுகின் விளிம்பில் ஒரு புடைப்பாக மட்டும் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது வெறும் சுவர். பிளேட் அதைச் சரியாக மூடிவிடும். ‘முதுகுப்பக்கம் கட்டியது’ என்ற இரண்டு சொற்கள் பல நாள் வேலையை மிச்சப்படுத்துகின்றன.

பிளேட் எடுக்கும்போது ஃபோகஸ், எக்ஸ்போஷர், வெண்சமநிலை மூன்றும் கையால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். தானியங்கியில் விட்டால், நடிகர் நகர்ந்ததும் கேமரா வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளும். ஒட்டிய இடம் திட்டாகத் தெரியும். கைபேசியில் எடுப்பவர்கள் நடுக்கம் குறைக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். ட்ரைபாடில் இருந்தாலும் அது சட்டத்தை நுணுக்கமாக நகர்த்திவிடும். மின்விசிறியை நிறுத்துவதும் இதற்காகத்தான். ட்யூப்லைட்டுக்குக் கீழே சுற்றும் விசிறியின் நிழல் சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும். நடிகரோடு எடுத்ததில் ஒரு நிழல், பிளேட்டில் வேறு நிழல் என்று இரண்டும் பொருந்தாது.

பிளேட்டை ஒரு புகைப்படமாக எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. இரவுக் காட்சியில் படத்தின் மேல் நுண்மணல்போல ஒரு இரைச்சல் சதா துடித்துக்கொண்டிருக்கும். உறைந்த புகைப்படத்தை ஒட்டினால் அந்த இடத்தில் மட்டும் துடிப்பு நின்று, செத்த தோல்போல ஒரு திட்டு தெரியும். அதனால் பத்து விநாடி வீடியோவாகவே எடுக்கிறார்கள்.

எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று தளத்திலேயே பார்த்துவிடலாம். நடிகர் இருக்கும் ஒரு ஃப்ரேமையும் பிளேட்டின் ஒரு ஃப்ரேமையும் மடிக்கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே உள்ளதை மாற்றி மாற்றி மறைத்துக் காட்ட வேண்டும். ரோபோ மட்டும் தோன்றி மறைந்தால் வேலை முடிந்தது. அலமாரி விளிம்பும் சேர்ந்து குதித்தால் யாரோ ட்ரைபாடைத் தட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே திரும்ப எடுத்துவிடலாம். செட்டைப் பிரித்த பிறகு தெரிந்தால் வழியே இல்லை.

080-இன் சங்கதி வேறு. இங்கே நீக்குவதற்கு ஒன்றும் இல்லை; இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஸ்கிரிப்டின் முதல் வடிவத்தில், ரோபோ லேசாக முன்னால் சாய்கிறது, பெரியவரின் கை திறந்த மார்புக்குள் போகிறது, சாலிடரிங் புகை குறுக்கே மிதக்கிறது, ஐந்து விநாடி என்று இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனிச் சுமை. உள்ளே போகும் கை, கணினியில் வரையும் சக்கரங்களுக்கு முன்னால் வர வேண்டும். ஐந்து விரல்களின் விளிம்பையும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். இந்தத் துறையில் அதை ரோட்டோ என்பார்கள். புகைக்கு விளிம்பே கிடையாது. அதைப் பிரிக்க முயன்றவர்கள் மறுபடி ஸ்கிரிப்டில் புகை எழுத மாட்டார்கள்.

எழுத்தாளர் கை வைக்க வேண்டிய இடம் இது. விரல் கம்பியைத் தொடுவதை 070 ஏற்கெனவே, உண்மையான பொருளோடு, மிக அண்மையில் காட்டிவிட்டது. அதனால் 080 தொடங்கும்போது பெரியவர் கையை எடுத்துவிட்டார், உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மாற்றலாம். புகை 010-இல் மட்டும் இருக்கட்டும். நீளம் மூன்று விநாடி போதும். கதையில் எதுவும் குறையவில்லை. பெரியவர் மௌனமாகப் பார்ப்பது உண்மையில் காட்சிக்குக் கனம் சேர்க்கிறது. ஃப்ரேம் கணக்கு 136-இலிருந்து 88-ஆக இறங்குகிறது. ரோபோவின் சாய்வை மட்டும் விடக்கூடாது. சாயும்போதுதான் உள்ளிருக்கும் சக்கரங்கள் விளிம்புக்குப் பின்னால் ஒளிந்து வெளிப்படும். ஆழம் கண்ணுக்குத் தெரிவது அந்த அசைவில்தான்.

‘எக்ஸ் மெஷினா’வின் கதையிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. ஏவா தன்னைப் பார்க்க வந்த இளைஞனுக்காக உடை உடுத்திக்கொள்கிறாள்: பூப்போட்ட கவுன், கம்பளிச் சட்டை, காலுறை. அவளை மனுஷியாகவே அவன் பார்க்கத் தொடங்கும் தருணம் அது. அந்த உடைக்குள் இயந்திர உடலின் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. கதையின் தேவையும் வேலையின் சுமையும் ஒரே திசையில் நகரும் இடங்கள் ஸ்கிரிப்டில் உண்டு, தேடினால் அகப்படும்.

080-க்கான தளக் குறிப்பு இப்படிப் போகும்: மார்புப் பள்ளத்தில் கறுப்பு அட்டை, அதில் சிறு சிலுவைக் குறிகள், பள்ளத்தின் அகலமும் உயரமும் சென்டிமீட்டரில், லென்ஸின் மில்லிமீட்டர், கேமராவிலிருந்து மார்பு வரையான தூரம், ஷாட் முடிந்ததும் மார்பு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பந்தையும் ஒரு கண்ணாடிப் பந்தையும் பிடித்து எடுத்தது. சாம்பல் பந்து வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்று காட்டும். கண்ணாடிப் பந்தில் கடை முழுவதும் வளைந்து தெரியும். கணினியில் செய்த உலோகச் சக்கரத்தின் மேல் அந்தக் கடைதான் பிரதிபலிக்க வேண்டும். சிலுவைக் குறிகளைக் கணினி பின்தொடர்ந்துதான் பள்ளத்தின் அசைவைக் கற்கிறது. குறிகள் மங்கியிருந்தாலோ நடுக்கத்தில் கலங்கியிருந்தாலோ, சக்கரங்கள் மார்போடு சேர்ந்து அசையாமல் அதற்குள் நீந்தும். எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் அந்த நீச்சல் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றையும் ஸ்கிரிப்டிலேயே எழுத வேண்டும்: பள்ளத்துக்குள் உண்மையாகவே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. சக்கரங்கள் பிறகு வரும். ஆனால் அவற்றின் வெளிச்சம் பெரியவரின் மூக்குக்கண்ணாடியிலும் கன்னத்திலும் அன்றைக்கே விழுந்தாக வேண்டும். முகத்தில் அசையும் ஒளியைக் கணினியில் பின்னால் போடுவது கடினம். இரண்டு ரூபாய் பல்பு அதை ஒரு நொடியில் செய்துவிடும்.

இந்த வேலைகளுக்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டும் என்ற காலம் போய்விட்டது. இலவச மென்பொருளான பிளெண்டரை உருவாக்கும் பிளெண்டர் ஃபவுண்டேஷன், 2012-இல் ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்ற 12 நிமிடக் குறும்படத்தை எடுத்தது. ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் கதை, உண்மையான நடிகர்கள், கணினி ரோபோக்கள். கேமரா அசைவைப் பின்தொடர்வது, நிறத்தை வைத்துப் பின்னணியை நீக்குவது போன்ற வசதிகளை அந்த மென்பொருளில் வளர்ப்பதற்காகவே அந்தப் படம் திட்டமிடப்பட்டது. படத்தை மட்டுமின்றி, அதை உருவாக்கிய கோப்புகளையும் எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட்டார்கள். முடிந்த ஷாட்டையும் அதன் மூலப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, தன் ஸ்கிரிப்டின் ஓரத்தில் என்ன எழுத வேண்டும் என்பது தெளிவாகும்.

மிச்சமிருப்பது 090. துண்டான கை உயிர்பெற்று விரலைப் பற்றும் அந்த ஷாட்தான் காட்சியின் உச்சம். படிப்பவர் எவரும் முதலில் ‘விஎஃப்எக்ஸ்’ என்று குறிப்பது இதைத்தான். கணினியில் செய்தால் இது பத்திலும் மிகக் கடினமானது. இரண்டு விரல்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் தோல் அழுந்த வேண்டும், நிழல் மெலிந்து மறைய வேண்டும், ஒரு மயிரிழை பிசகினாலும் விரல் மிதப்பதுபோல் தெரியும். மேசையைக் கொஞ்சம் மேலிருந்து எடுத்தால் அதன் அடிப்பக்கம் கேமராவுக்குத் தெரியாது. துணிப் பொட்டலம் விரிந்து கிடக்கும் இடத்தில், துணிக்குக் கீழே, மேசைப் பலகையில் ஒரு ஓட்டை. உடை தைத்த அதே தகட்டில் செய்த கையுறை. மேசைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்த ஒருவர் ஓட்டை வழியாகக் கையை மேலே விட்டு, துணியால் மணிக்கட்டை மூடிக்கொண்டு, பெரியவரின் சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று தடவித் தேடிக் கண்டுபிடித்து, மெல்ல மடக்குகிறார். அந்தத் தடவல் அப்படியே திரையில் வருகிறது. ஸ்கிரிப்டின் ஓரத்தில் 090-க்கு நேரே ‘விஎஃப்எக்ஸ் இல்லை, மேசையில் ஓட்டை, 12 சென்டிமீட்டர்’ என்று எழுதியிருக்கும்.